பி40 கோடு எங்கே விழுகிறது? வருமான அடுக்குகளும் அவற்றின் வெட்டுப்புள்ளிகளும்

மலேசியாவில் ஒரு குடும்பத்தின் நிலையைக் குறிக்க மூன்று சொற்கள் அன்றாடப் பேச்சில் இடம்பெற்றுவிட்டன. அவை பி40, எம்40, டி20 என்பனவாகும். வருமான வரிசையில் கீழே இருக்கும் 40 சதவீதக் குடும்பங்கள், நடுவில் இருக்கும் 40 சதவீதம், மேலே இருக்கும் 20 சதவீதம் என்பதே இவற்றின் பொருள்.

அரசு 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட புதிய பொருளாதார மாதிரித் திட்டமும் பத்தாவது மலேசியத் திட்டமும் அடித்தட்டு 40 சதவீதத்தினரை முன்னிறுத்தின. 2016 முதல் 2020 வரையிலான பதினோராவது திட்டத்தின் காலத்தில் பி40 என்ற சுருக்கம் பரவலானது. மலேசிய இந்தியர்களுக்கென 2017 ஏப்ரலில் வெளியிடப்பட்ட பெருந்திட்டமும் இதே பிரிவினரையே இலக்காகக் கொண்டது.

ஆனால் இந்தக் கோடு எவ்வாறு வரையப்படுகிறது, அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்பது பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை. இந்தத் தெளிவின்மை உதவித் திட்டங்களில் யார் சேர்க்கப்படுகிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்பது வரை நீள்கிறது.

வரிசையும் வெட்டும்

இம்முறையின் அடிப்படை எளிமையானது. குடும்பங்களை வருமானத்தின்படி சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்த வேண்டும். பிறகு அந்த வரிசையைச் சம எண்ணிக்கை கொண்ட பகுதிகளாக வெட்ட வேண்டும். நான்கு பகுதிகளாக வெட்டினால் கிடைப்பவை கால்மானங்கள். இலங்கைப் பாடநூல்கள் இவற்றைக் காலணைகள் என்கின்றன. பத்துப் பகுதிகளாக வெட்டினால் பதின்மானங்கள். நான்காவது பதின்மானம் முடியும் இடமே பி40 கோடு.

பத்துக் குடும்பங்கள் மட்டுமே உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அவற்றின் மாத வருமானம் ரிங்கிட்டில் 1,900, 2,700, 3,600, 4,500, 5,400, 6,200, 7,600, 9,300, 12,400, 21,000 என்று இருக்கட்டும். முதல் நான்கு குடும்பங்கள் பி40 பிரிவினர். நான்காவது குடும்பத்தின் வருமானம் 4,500, ஐந்தாவதன் வருமானம் 5,400. அப்படியானால் வெட்டுப்புள்ளி எந்தத் தொகை?

இந்த இரண்டு தொகைகளுக்கும் இடைப்பட்ட எந்த எண்ணும் அதே நான்கு குடும்பங்களைப் பிரித்துக் காட்டும். சிலர் இரண்டுக்கும் நடுவில் உள்ள 4,950ஐ எடுப்பார்கள். பள்ளிப் பாடநூல்களில் வழக்கமாகக் காணப்படும் முறைப்படி, எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டி, அதில் பத்தில் நான்கு பங்கைக் கணக்கிட்டால் 4.4 என்ற இடம் கிடைக்கும். அதற்குரிய தொகை 4,860. கணினி விரிதாள்களில் பொதுவாகப் பயன்படும் சூத்திரமோ 5,040 என்ற விடையைத் தரும்.

ஒரே தரவிலிருந்து மூன்று விடைகள் வந்தாலும் அவற்றில் எதுவும் பிழையன்று. புள்ளியியல் மென்பொருள்கள் பயன்படுத்தும் இத்தகைய ஒன்பது முறைகளை ஹைண்ட்மன், ஃபேன் என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் தொகுத்துக் காட்டினர். லட்சக்கணக்கான குடும்பங்கள் உள்ள வரிசையில் அடுத்தடுத்த வருமானங்களுக்கு இடையே இடைவெளி ஏறக்குறைய இருக்காது என்பதால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். நாற்பது மாணவர்கள் உள்ள ஒரு வகுப்பிலோ ஒரு சிற்றூரிலோ அது மறையாது. எனவே சிறிய குழுக்களை ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே முறை பின்பற்றப்பட்டதா என்று பார்ப்பது அவசியம்.

மலேசியாவில் இக்கணக்கைச் செய்வது புள்ளிவிவரத் துறை. ஐந்து ஆண்டுகளில் இரு முறை நடத்தப்படும் குடும்ப வருமான ஆய்வே இதற்கு ஆதாரம். எல்லாக் குடும்பங்களும் விசாரிக்கப்படுவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பமும் தன்னைப் போன்ற பல குடும்பங்களின் சார்பில் ஓர் எடையைப் பெறுகிறது. வரிசையில் கீழிருந்து இந்த எடைகளைக் கூட்டிக்கொண்டே வந்து, மொத்தத்தில் 40 சதவீதம் நிறையும் இடத்தில் கோடு போடப்படுகிறது. ஆகவே அறிவிக்கப்படும் தொகை கடைசி ரிங்கிட் வரை துல்லியமானது போலத் தோன்றினாலும் அது ஒரு மதிப்பீடே ஆகும்.

தலைகள் சமம், இடைவெளிகள் சமமல்ல

2019ஆம் ஆண்டு ஆய்வில் பி40 பிரிவு 4,850 ரிங்கிட்டுக்குக் குறைவான மாத வருமானம் கொண்ட குடும்பங்கள் என்று அமைந்தது. எம்40 பிரிவு 4,850 முதல் 10,959 வரை. அதற்கு மேல் டி20. வரி, சேமநிதிச் சந்தா போன்ற பிடித்தங்களுக்கு முந்தைய மொத்த வருமானமே இங்கு கணக்கில் கொள்ளப்படுகிறது. கையில் கிடைக்கும் சம்பளத்தை இந்தக் கோட்டுடன் ஒப்பிடுவது பலரும் செய்யும் தவறு.

அதே ஆய்வில் பத்துப் பதின்மானங்களின் எல்லைகளும் வெளியிடப்பட்டன. மூன்றாவது பதின்மானம் 3,170 முதல் 3,969 வரை. நான்காவது 3,970 முதல் 4,849 வரை. ஐந்தாவது 4,850இல் தொடங்கி 5,879இல் முடிகிறது. ஒன்பதாவது பதின்மானமோ 10,960 முதல் 15,039 வரை நீள்கிறது. பத்தாவதற்கு மேல் எல்லையே கிடையாது.

ஒவ்வொரு பதின்மானத்திலும் குடும்பங்களின் எண்ணிக்கை சமம். ஆனால் அவை அடைத்துக்கொள்ளும் வருமான அகலம் சமமன்று. நான்காவது பதின்மானத்தின் அகலம் சுமார் 880 ரிங்கிட். ஒன்பதாவதன் அகலம் 4,000 ரிங்கிட்டுக்கும் மேல். வரிசையின் நடுப்பகுதியில் குடும்பங்கள் நெருக்கமாக நிற்பதும் மேற்பகுதியில் விலகி நிற்பதுமே இதற்குக் காரணம்.

இதன் விளைவைப் பார்ப்போம். மாதம் 3,900 ரிங்கிட் ஈட்டும் ஒரு குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் கூடுதலாகக் கிடைத்தால் அது 4,900 ஆகும். அக்குடும்பம் மூன்றாவது பதின்மானத்திலிருந்து நான்காவதைத் தாண்டி ஐந்தாவதற்குச் செல்கிறது. பி40 என்ற பெயரையும் இழக்கிறது. 11,000 ரிங்கிட் ஈட்டும் குடும்பத்துக்கு அதே 1,000 கிடைத்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

டி20 என்ற பெயரின் சிக்கலும் இதுவே. நகரில் 11,000 ரிங்கிட் வருமானத்தில் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்விச் செலவும் தாங்கும் ஆசிரியத் தம்பதியரும், நாட்டின் பெரும் செல்வந்தர்களும் அதே ஒரு பெட்டிக்குள் அடங்குகிறார்கள்.

கோட்டின் மீதே பலர் நின்றால்

வருமானத்தில் இரண்டு குடும்பங்கள் ஒரே தொகையில் நிற்பது பெரிய சிக்கலை உருவாக்காது. மதிப்பெண்களில் அது பெரும் சிக்கல். ஏனெனில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் நூறு எண்களுக்குள் அடங்கியாக வேண்டும்.

இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் நீண்டகாலமாகப் பின்பற்றிய தரநிலை முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை வரிசைப்படுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ2 என்று எட்டுத் தரங்கள் வழங்கப்பட்டன. ஒரே மதிப்பெண் பெற்றவர்களுக்கு ஒரே தரம் தரப்பட வேண்டும் என்பது அதன் விதி. கோடு ஒரு மதிப்பெண்ணின் நடுவே விழுந்தால், பிரியும் இரு பகுதிகளில் சிறியது பெரியதுடன் சேர்க்கப்படும்.

தேர்ச்சி பெற்றோர் 800 பேர் என்று கொள்வோம். ஒவ்வொரு தரத்துக்கும் 100 பேர். 88 பேர் 91க்கும் அதற்கு மேலும் பெற்றிருக்கிறார்கள். சரியாக 90 பெற்றவர்கள் 30 பேர். நூறாவது இடம் இந்த முப்பது பேருக்கு நடுவில் விழுகிறது. 12 பேர் கோட்டுக்கு மேலே, 18 பேர் கீழே. சிறிய பகுதி பெரியதுடன் சேர வேண்டும் என்பதால் முப்பது பேருக்கும் ஏ2 தரமே கிடைக்கும். ஏ1 பெற்றவர்கள் 100 அல்ல, 88 பேர்.

இப்படி ஒரு விதி முன்கூட்டியே எழுதப்படாவிட்டால், ஒரே மதிப்பெண் பெற்ற இருவருக்கு இரு வேறு தரங்கள் கிடைக்கக்கூடும். எந்தப் பட்டியலிலும் ஒரு பிரிவின் எண்ணிக்கை எதிர்பார்த்ததிலிருந்து சற்று விலகியிருந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது எல்லையில் குவிந்த சம மதிப்பெண்களையே.

2020இல் நடந்தது என்ன?

கோவிட் தொற்றுக் காலத்தில் மலேசியக் குடும்பங்களின் வருமானம் சரிந்தது. வரிசையின் சரி நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமே இடைநிலை வருமானம் எனப்படுகிறது. அது 2019இல் 5,873 ரிங்கிட்டாக இருந்து 2020இல் 5,209 ரிங்கிட்டாகக் குறைந்தது. எம்40 பிரிவினரில் 20 சதவீதத்தினர், அதாவது சுமார் 5 லட்சத்து 80 ஆயிரம் குடும்பங்கள், பி40 பிரிவுக்குத் தள்ளப்பட்டதாக அப்போது அதிகாரபூர்வமாகக் கூறப்பட்டது. இந்த எண்ணிக்கை பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது.

இக்கூற்றைக் கவனமாகப் படிக்க வேண்டியுள்ளது. பி40 என்பது கீழே உள்ள 40 சதவீதம் என்றால், அதில் எந்த ஆண்டிலும் 40 சதவீதக் குடும்பங்கள்தான் இருக்க முடியும். நாடே செழித்தாலும், நாடே வறுமையுற்றாலும் அந்த எண்ணிக்கை மாறாது. அப்படியிருக்க அதில் மேலும் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் எவ்வாறு நுழைந்தன?

விடை இதுதான். கணக்கிட்டவர்கள் 2019இன் 4,850 ரிங்கிட் கோட்டை அசையாமல் வைத்துக்கொண்டு, 2020இல் அதற்குக் கீழே எத்தனை பேர் சென்றார்கள் என்று பார்த்தார்கள். எம்40 என்பது மொத்தக் குடும்பங்களில் 40 சதவீதம். அதில் 20 சதவீதம் என்பது மொத்தத்தில் 8 சதவீதம். எனவே பழைய கோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 48 சதவீதக் குடும்பங்கள் வந்துவிட்டன என்பதே அச்செய்தியின் உண்மைப் பொருள். அந்தத் துயரம் மெய்யானது. அதைக் கண்டுகொள்ள உதவியது நிலையான தொகைதானே தவிர, தரவரிசை அல்ல.

கோட்டைப் புதிதாக வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை முன்னர் பார்த்த பத்துக் குடும்பங்களைக் கொண்டு அறியலாம். 5,400 ஈட்டிய குடும்பத்தின் வருமானம் 4,400ஆகக் குறைகிறது. மற்றவர்களின் வருமானத்தில் மாற்றம் இல்லை. இப்போது வரிசை 1,900, 2,700, 3,600, 4,400, 4,500 என்று தொடரும். புதிய வெட்டுப்புள்ளி 4,400க்கும் 4,500க்கும் இடையில் விழும். ஒரு ரிங்கிட்கூட அதிகம் பெறாத 4,500 ரிங்கிட் குடும்பம் பி40 பிரிவிலிருந்து எம்40 பிரிவுக்கு உயர்த்தப்படுகிறது. அடுத்த வீட்டின் வீழ்ச்சியே அதன் உயர்வாகப் பதிவாகிறது.

எதிர்த்திசையிலும் இது நிகழும். 2022ஆம் ஆண்டு ஆய்வில் இடைநிலை வருமானம் 6,338 ரிங்கிட்டாக உயர்ந்தது. எம்40 பிரிவு 5,250 ரிங்கிட்டில் தொடங்கியது. 2019இலும் 2022இலும் மாறாமல் 4,900 ரிங்கிட் ஈட்டிய ஒரு குடும்பம் முதலில் எம்40, பிறகு பி40. மாறியது அக்குடும்பத்தின் வருமானம் அல்ல, மற்றவர்களின் வருமானமே.

ஆகவே ஒரு பிரிவில் இருப்போர் கூடினார்கள் அல்லது குறைந்தார்கள் என்ற செய்தியைப் படிக்கும்போது, ஒப்பிடப்பட்ட கோடு நிலையானதா, ஒவ்வோர் ஆய்விலும் புதிதாக வரையப்பட்டதா என்று கேட்க வேண்டும். புதிதாக வரையப்பட்ட கோடு என்றால் அந்த எண்ணிக்கை கூடவோ குறையவோ முடியாது.

யாரை யாருடன் ஒப்பிடுவது?

வரிசையில் நிறுத்தப்படுபவை தனி மனிதர்கள் அல்லர், குடும்பங்கள். பிள்ளைகள் இல்லாத ஒரு தம்பதியர் மாதம் 5,000 ரிங்கிட் ஈட்டுகிறார்கள். ஆறு பேர் கொண்ட இன்னொரு குடும்பத்தின் வருமானம் 5,600 ரிங்கிட். 2022இன் கோட்டின்படி தம்பதியர் பி40, ஆறு பேர் குடும்பம் எம்40.

ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் தம்பதியருக்குத் தலா 2,500 ரிங்கிட், பெரிய குடும்பத்தில் தலா 933 ரிங்கிட். ஆனால் ஒரே கூரையும் ஒரே அடுப்பும் பகிரப்படுவதால் ஆறு பேருக்கு ஆறு மடங்கு செலவாவதில்லை. இதனால் பல நாடுகளின் ஆய்வுகளில் வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்காமல், அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கும் முறை கையாளப்படுகிறது. அப்படிச் செய்தால் தம்பதியருக்கு சுமார் 3,540, பெரிய குடும்பத்துக்கு சுமார் 2,290 என்று வருகிறது. இரண்டில் எந்தக் கணக்கை எடுத்தாலும் வரிசை தலைகீழாகிறது.

இடமும் இவ்வாறே கணக்கை மாற்றுகிறது. 2022இல் கோலாலம்பூரின் இடைநிலைக் குடும்ப வருமானம் 10,234 ரிங்கிட். கிளந்தானில் அது 3,614 ரிங்கிட். 5,000 ரிங்கிட் ஈட்டும் குடும்பம் கிளந்தானில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களை விட வசதியானது. தலைநகரில் அதே குடும்பம் நடுநிலையில் பாதியைக்கூட எட்டவில்லை. தேசியக் கோட்டின்படி இரண்டு இடத்திலும் அது பி40தான்.

சமூக வாரியாகப் பேசும்போதும் இதே கவனம் தேவை. பி40 இந்தியர்கள் என்பது இந்தியக் குடும்பங்களில் கீழே உள்ள 40 சதவீதத்தைக் குறிப்பதில்லை. எல்லா இனத்தவரையும் சேர்த்து வரையப்பட்ட தேசியக் கோட்டுக்குக் கீழே இருக்கும் இந்தியக் குடும்பங்களையே அது குறிக்கிறது. அவர்கள் இந்தியக் குடும்பங்களில் எத்தனை சதவீதம் என்பது ஆய்வு செய்து அறிய வேண்டிய எண்ணே ஒழிய, பெயரிலேயே அடங்கியுள்ள எண் அல்ல. அந்த எண் 40ஐ விடக் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம்.

உதவிக்கான கோடு

அளப்பதற்காக வரையப்பட்ட கோடு, உதவி வழங்குவதற்கான கோடாக மாறும்போதுதான் அதன் குறைகள் மக்களைத் தொடுகின்றன. 5,240 ரிங்கிட் குடும்பத்துக்கும் 5,260 ரிங்கிட் குடும்பத்துக்கும் வாழ்க்கையில் வேறுபாடு இல்லை. ஆனால் கோடு 5,250இல் இருந்தால் ஒன்று உள்ளே, மற்றது வெளியே. கூடுதல் நேரம் உழைத்துக் கிடைத்த 20 ரிங்கிட், அதைவிடப் பெரிய உதவியை இழக்கச் செய்யலாம்.

மலேசியாவின் சும்பாங்கான் துனாய் ரஹ்மா என்ற ரொக்க உதவித் திட்டம் இதனை ஓரளவு தவிர்த்தது. 2024ஆம் ஆண்டில் குடும்பங்களுக்கான உதவி 2,500 ரிங்கிட் வரை, 2,501 முதல் 5,000 வரை என்ற இரு நிலையான தொகைகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவும் உதவித்தொகை மாறியது. இது தரவரிசையைச் சார்ந்த கோடு அல்ல. வருமானம் கூடும்போது உதவி ஒரே அடியில் இல்லாமல் படிப்படியாகக் குறையும்.

மேல்தட்டில் கோடு வரைவதும் எளிதாக இருக்கவில்லை. 2024 அக்டோபரில் வாசிக்கப்பட்ட 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், மேலே உள்ள 15 சதவீதத்தினருக்கு ரான்95 பெட்ரோல் மானியம் இல்லை என்ற நோக்கம் வெளியிடப்பட்டது. உடனே டி15 என்பது எந்தத் தொகையில் தொடங்குகிறது, குடும்பத்தின் அளவும் வாழும் ஊரும் கணக்கில் வருமா என்ற விவாதம் எழுந்தது. 2025 செப்டம்பர் 30ஆம் தேதி இலக்கு மானியம் அறிமுகமானபோது அதில் வருமானக் கோடே இடம்பெறவில்லை. ஓட்டுநர் உரிமம் பெற்ற மலேசியக் குடிமக்களுக்கு, மாதாந்திர அளவு வரம்புடன், லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்ற விலை வழங்கப்பட்டது.

இதற்கு முன்பே, 2024 ஜனவரி 2ஆம் தேதி, பாடு எனப்படும் தேசியத் தரவுத்தளத்தை அரசு தொடங்கியிருந்தது. மொத்த வருமானத்தின் தரவரிசைக்குப் பதிலாக, அவசியச் செலவுகள் போகக் குடும்பத்திடம் எஞ்சும் தொகையைப் பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

தரவரிசைப் பிரிவுகள் பயனற்றவை என்று இதற்குப் பொருளில்லை. நாட்டின் மொத்த வருமானத்தில் கீழ்த்தட்டினருக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு, அது காலப்போக்கில் மாறுகிறதா என்ற கேள்விக்குப் பதின்மானங்கள் பொருத்தமான கருவி. ஒரு குடும்பத்துக்கு வாழப் போதுமான வருமானம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. வரிசையில் ஒருவரின் இடத்தை மட்டுமே பி40 கோடு சொல்கிறது. அவர் வீட்டில் எத்தனை பேர், எந்த ஊரில், எவ்வளவு வாடகையில் வாழ்கிறார்கள் என்பதைத் தனியாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.